மருமகன் அறை கட்டுமுன் பேர்மிட்டைப் பாருங்கள்

போருக்குப் பிறகு வன்னியில் இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீடுகள் 550 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு அளந்த வீடு. அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று கலியாணம் முடித்து அதே வீட்டில் இருக்கிறார்கள். பெரும்பாலும் மகளோடு மருமகனும் வந்து சேர்கிறார். சண்டை குசினியில் தொடங்கிக் காணியில் போய் நிற்கிறது.

நடப்பது அநேகமாக இப்படித்தான். காணி மாமியின் பேரில், அரச பேர்மிட்டில் இருக்கும். பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் இறக்க மருமகன் கடன் எடுப்பார். "எங்கட வீடுதானே தம்பி, எழுத்து என்னத்துக்கு?" என்பார் மாமி. கல், சீமெந்து பில்கள் குப்பைக்குப் போய்விடும். பிறகு ஒருநாள் கறன்ட் பில்லுக்காக வாய்த்தர்க்கம் வரும்போதுதான் பேர்மிட்டை விரிப்பார்கள். பின்னுரித்தாளியாக மூத்த மகனின் பெயர் பதிந்திருக்கும்.

ஆகவே அத்திவாரம் வெட்டுமுன் பேர்மிட்டோடு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். பின்னுரித்தாளி யார் என்று கேளுங்கள். மகளுக்கு என்றால் மாமியே அங்கு பதிவிக்க வேண்டும். அப்படிப் பதிந்தாலும் அதைப் பின்னர் மாற்ற அவருக்கு உரிமை உண்டு. அதனால் யார் எவ்வளவு போட்டது, பிரிய நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கொடுப்பது என்று தனித்தாளில் எழுதி இருதரப்பும் ஒப்பமிடுங்கள். பில்களை அதோடு குத்தி வையுங்கள். பிரதேச செயலாளரின் அனுமதியின்றி நொத்தாரிசிடம் சீதன உறுதி எழுதினால் பேர்மிட் காணிக்கு அது செல்லாது. திரும்பவும் சொல்கிறேன், செல்லாது. இதைச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

அதே தாளில் வீட்டு ஒழுங்கையும் எழுதலாம். பள்ளிக்கூட நாளில் காலை ஐந்து மணிக்கு அடுப்பு யாருக்கு, குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர் கறன்ட் பில்லில் எத்தனை பங்கு, வெளிநாட்டுத் தம்பி அனுப்பும் காசை யார் செலவழிப்பது, மகளின் அறைக்குள் தட்டாமல் யாரும் போவதில்லை என்பது. வாயால் பேசினால் போதும் என்று விடுகிறவர்கள்தான் பிறகு பொலிசில் நிற்கிறார்கள்.

வாய்ச்சண்டைக்கும் காசுப் பிரச்சினைக்கும் பொலிசுக்கு ஓட வேண்டாம். உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு எழுத்தில் கொடுங்கள். சட்டத்தரணி தேவையில்லை. இணங்கினால் இணக்கச் சான்றிதழ் தருவார்கள். இணங்காவிட்டால் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், நீதிமன்றம் போகும்போது கேட்பார்கள்.

அடியோ மிரட்டலோ என்றால் மத்தியஸ்தம் பேசிக் காலம் கடத்தாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மாமி, மாமா, மச்சான் எல்லோருக்கும் பொருந்தும். "உது குடும்பப் பிரச்சினை, வீட்டுக்குப் போங்கோ" என்று எந்த அதிகாரி சொன்னாலும் திரும்பாமல், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். அடித்தவர் அந்த வீட்டுக்குள், அல்லது அதன் ஒரு பகுதிக்குள் வரக்கூடாதென்றும் நீதவான் கட்டளையிடலாம். வழி தெரியாவிட்டால் 1938க்கு எடுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள்.