இரண்டரை மீட்டர் போதுமா?

புது வீட்டுக்குக் குடிவந்த வாரம், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற வாசலுக்கு ஸ்கிரீன் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் கதவின் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை. "கதவுக்கு இரண்டரை மீட்டர் மேடம், எல்லாரும் அதுதான் எடுப்பாங்க" என்று சொல்லி, கத்திரியை ஓட்டிவிட்டார். 48 இன்ச் பன்னா, நல்ல காட்டன், இளம்பச்சை.

தைத்து வந்ததை மாட்டிப் பார்த்தால் உயரம் கச்சிதம். அகலம்தான் அழுதது. சுருக்கே இல்லாமல், கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி விறைத்து நின்றது. ஃபேன் ஓடினால் ஓரம் விலகி உள்ளே கட்டில் தெரியும். முதல் துவைப்புக்குப் பிறகு உயரமும் போயிற்று. கரண்டைக்கால் தெரிகிற பாவாடைபோல் தரையிலிருந்து நாலரை இன்ச் மேலே ஏறிக்கொண்டது. சரி, இன்னொரு இரண்டரை மீட்டர் வாங்கி ஒட்டுவோம் என்று போனால் அதே பச்சை வந்தது, ஆனால் வேறு சாயத் தொட்டியில் தோய்த்த தான். பகல் வெளிச்சத்தில் இரண்டும் இரண்டு பச்சை.

தைத்துக் கொடுத்த அண்ணனிடம் புலம்பினேன். "துணில தப்பில்லக்கா. உயரத்துக்கு மட்டும் துணி வாங்கியிருக்கீங்க, அகலத்துக்கு வாங்கவே இல்ல" என்றார். அன்றைக்கு அவர் பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அகலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அளக்க வேண்டியது கதவை இல்லை, கம்பியை. என் வாசலில் நடக்கிற இடைவெளி 36 இன்ச், மர நிலையையும் சேர்த்தால் 42 இன்ச். நிலையைத் தாண்டி இரு பக்கமும் மூன்று மூன்று இன்ச் நீட்டிக் கம்பி அடித்ததில், கம்பியின் நீளம் 48 இன்ச். துணியின் பன்னாவும் 48 என்பதால் ஒரு துண்டு போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு ஓரத்தையும் மடித்து அடிக்க, பக்கத்துக்கு 2 இன்ச் வீதம் 4 இன்ச் போய்விடும். மீதி 44. கம்பியின் நீளத்துக்கே வரவில்லை, பிறகு எங்கிருந்து சுருக்கு விழும்?

திரைக்கு அழகு அதன் சுருக்கு. வளையம் அடித்துக் கம்பியில் கோக்கிற திரைக்குக் கம்பியைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். தலைப்பில் கொசுவம் பிடித்துத் தைப்பதென்றால் இரண்டு முதல் இரண்டரை. வலைபோல் மெல்லிய துணி இரண்டரை, மூன்று மடங்குகூடக் கேட்கும். இல்லாவிட்டால் மறைப்பே இருக்காது. தடிமனான துணியில் இதே மடங்கைப் போட்டால் ஒதுக்கி வைக்கும்போது மூட்டைபோல் குவிந்து வழியை அடைக்கும், அதற்கு ஒன்றரையே தாராளம். என் கம்பிக்கு இரண்டு மடங்கு என்றால் 96 இன்ச். 48 பன்னாவில் இரண்டு துண்டு. இந்த "இரண்டு துண்டு" என்பதுதான் முழுக் கணக்குக்கும் அச்சாணி. துணியை நீளவாக்கில் விற்கிறார்கள், நமக்குத் தேவையோ அகலம். ஆகவே முதலில் எத்தனை துண்டு என்று தெரிய வேண்டும், அதை ஒரு துண்டின் நீளத்தால் பெருக்கினால்தான் மீட்டர் வரும்.

இனி ஒரு துண்டின் நீளம். தரையிலிருந்து கம்பிக்கு 88 இன்ச். வளையத் திரையில் துணியின் தலை கம்பிக்கு மேலே ஒன்றரை இன்ச் நிற்கும், அதைச் சேர்க்க வேண்டும். கீழே தரையைத் தொட்டு அழுக்காகாமல் இருக்க அரை இன்ச் விட வேண்டும். ஆக, தைத்து முடித்த திரையின் உயரம் 89. மேல் மடிப்புக்கு 4 இன்ச், அடி மடிப்புக்கு 5 இன்ச் சேர்த்தால் 98. அடி மடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் கனம்தான் திரையைத் தொங்கவைக்கிறது. பிற்பாடு கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தாலும் கை கொடுக்கும்.

இந்த 98 இன்ச் என்பது இரண்டரை மீட்டருக்கு அரை இன்ச் குறைவு, அவ்வளவுதான். கடைக்காரர் சொன்ன வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஒரு துண்டுக்கான கணக்கு, அதுவும் சுருங்காத பாலியஸ்டருக்கு. நிலைக்கு உள்ளேயே சின்னக் கம்பி போட்டு, பேருக்கு ஒரு மறைப்பு இருந்தால் போதும் என்பவருக்கு அது சரிதான். எல்லா வாசலுக்கும் அதையே சொல்வதுதான் பிசகு.

காட்டன் என்றால் சுருக்கத்தையும் பார்க்க வேண்டும். கடையில் அரை மீட்டர் மட்டும் முதலில் வாங்கி வந்து, அதில் நீளவாக்கில் 10 இன்ச்சுக்குப் பேனாவால் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு ராத்திரி நனைத்து, காயவைத்து, தேய்த்துவிட்டு மறுபடி அளங்கள். என் துணியில் 10 இன்ச் ஒன்பதரை ஆகியிருந்தது, அதாவது நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் 98-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும், 103 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே வரும். 104 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுக்கு 208 இன்ச். மீட்டருக்கு 39.37 இன்ச் என்று வகுத்தால் 5.28. ஐந்தேகால் வாங்கினால் ஒன்றரை இன்ச் போலக் குறையும், ஐந்தரை வாங்கினால் 8 இன்ச் மிஞ்சும். மிஞ்சியதில் திரையை ஒதுக்கிக் கட்ட இரண்டு பட்டை தைத்துக்கொள்ளலாம். கூடுதல் நீளம் வாங்கியாயிற்று என்று அப்படியே தைத்துவிடாதீர்கள். முழுத் துணியையும் நனைத்துச் சுருங்கவைத்த பிறகுதான் கத்திரி படவேண்டும்.

பன்னாவும் சுருங்குமே என்று கேட்பீர்கள். சுருங்கியது. 48 இன்ச் நாற்பத்தைந்தரை ஆனது. ஓர மடிப்பு போக நாற்பத்தொன்றரை, இரண்டு துண்டும் சேர்ந்து 83. 48 இன்ச் கம்பிக்கு அது ஒன்றேமுக்கால் மடங்கு. பழுதில்லை. இங்கே மூன்றாவது துண்டு வாங்க ஓட வேண்டியதில்லை.

பெரிய பூப் போட்ட துணியானால் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. ஒரு பூவின் நுனியிலிருந்து அதே பூ மறுபடி வரும் இடம்வரை அளந்து பாருங்கள். அது 24 இன்ச் என்றால், முதல் துண்டு 104-இல் முடிந்தாலும் இரண்டாவது துண்டை அங்கேயே ஆரம்பிக்க முடியாது. அடுத்த பூ ஆரம்பமாகும் 120-க்குப் போயாக வேண்டும். 120-உம் 104-உம் 224 இன்ச், ஏறக்குறைய 5.7 மீட்டர். ஐந்தேமுக்கால் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இடதுபக்கப் பூ முட்டியிலும் வலதுபக்கப் பூ இடுப்பிலும் நிற்கும்.

விசேஷத்துக்குச் சுவரில் கட்டும் பின்திரைக்கும் இதே கணக்குதான், மடிப்பு மட்டும் குறைவு. ஒரு நாள் கூத்துக்கு ஓரம் அடிப்பார் யாருமில்லை. வளைகாப்புக்கு 10 அடி அகலம், 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு சுருக்குக்கு 240 இன்ச் அகலம் வேண்டும். ஒரு துண்டு, கம்பி நுழையும் மடிப்பும் தரையில் கொஞ்சமும் சேர்த்து 102 இன்ச். 44 பன்னாவில் ஐந்தரைத் துண்டு வருகிறது, ஆறாக எடுக்க வேண்டும், பதினைந்தரை மீட்டரைத் தாண்டிவிடும். 58 பன்னாவிலோ நான்கு துண்டிலேயே 232 இன்ச் கிடைத்துவிடுகிறது. எட்டு இன்ச் குறைவதை எந்தக் கேமராவும் கண்டுபிடிக்காது. பத்தரை மீட்டரில் முடிந்தது. மீட்டர் விலை கூடுதலாக இருக்கிறதே என்று பெரிய பன்னாவை ஒதுக்குவதற்கு முன் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்.

இதைவிடச் சிக்கனமான வழி பீரோவிலேயே இருக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவை 18 அடி. நடுவில் மடித்துக் கம்பியின் மேல் போட்டால் முன்னும் பின்னும் 9 அடி தொங்கும், வெட்டவே வேண்டாம். இரண்டு அடுக்காக விழுவதால் சுவர் தெரியாது, ஒன்றரை மடங்கு சுருக்கே போதும். 10 அடிக்கு நான்கு புடவை.

மேற்கூரைக்குக் கட்டும் துணியில்தான் எல்லோரும் எதிர்த்திசையில் ஏமாறுகிறார்கள், தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். துணி நடுவில் தொய்ந்து நிற்க வேண்டுமே, அதற்கு நிறைய வேண்டும் என்று நினைப்பு. உண்மையில் 15 அடி அகல அறையில், நடுவில் ஒரு அடி தொய்வதற்கு வேண்டிய கூடுதல் துணி இரண்டே இன்ச்! இரண்டு அடி தொய்வுக்கு எட்டரை இன்ச். தொய்வை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை எட்டால் பெருக்கி, அறை அகலத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் கூடுதல் நீளம் கிடைக்கும், எல்லாம் அடியில். கணக்கு பிடிக்காதவர்கள் சுவருக்குச் சுவர் ஒரு நூலைக் கட்டி, நடுவைப் பிடித்து இழுக்காமல் தானாகத் தொங்கவிட்டு, வேண்டிய தொய்வு வந்ததும் நூலை அளந்துகொள்ளலாம். முடிச்சுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு அடி சேர்க்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் துணி தலைக்கு இறங்கிவிடும். 18 அடிப் புடவையில் முடிச்சு போக 16 அடி. 15 அடி அறையில் அது இரண்டேகால் அடிக்கு மேல் தொய்யும். 10 அடிக் கூரையில் நடுவில் ஏழரை அடிச் சொச்சம்தான் மிஞ்சும். உயரமான மாமா ஒருவர் கையைத் தூக்கினால் புடவையில் படும். ஃபேன் தொங்குகிற உயரமும் அதுதான். துணி கட்டிய அறையில் ஃபேனைப் போடக் கூடாது. விசேஷ நாளில் ஃபேன் இல்லாமல் முடியாது என்றால் மேற்கூரைத் துணியை விட்டுவிடுங்கள், பின்திரை போதும்.