மூன்று வாரம் மறைந்திருந்த கூப்பன்

நான்கே பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப் என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் தள்ளுபடிக் கூப்பன் வசதியை எழுதத் தொடங்குகிறார். மூன்று வார வேலை. பாதியில் நிற்கும் வேலையால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, எல்லோருக்கும் பொதுவான நிரலிலிருந்து தனக்கென ஒரு பிரதி பிரித்துக்கொள்கிறார். கடையின் கணக்குப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து அதில் எழுதுவது மாதிரி. பொதுவான நிரலை டிரங்க் என்பார்கள். திரையில் அதன் பெயர் `main`. தனிப் பிரதி பிராஞ்ச். இரண்டையும் மறுபடி ஒன்றாக்குவது மெர்ஜ். இந்தப் பிரதிகளையெல்லாம் பராமரிக்கும் கருவி கிட். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது.

நிரலில் பணமெல்லாம் ரூபாயில் இருக்கிறது. 450 ரூபாய் பில் என்றால் `total` என்பதில் 450 இருக்கும். கூப்பன்காரர் எழுதியது ஒரே வரிதான்:

```
payable = total - 50
```

இரண்டாவது வாரத்தில் இன்னொருவர் பணத்தைப் பைசாவுக்கு மாற்றுகிறார். நியாயமான மாற்றம்தான். தசமப் புள்ளி வைத்த எண்களைக் கணினி துல்லியமாக வைத்திருக்காது. ரேஸர்பே போன்ற பேமென்ட் நிறுவனங்களும் தொகையைப் பைசாவில்தான் கேட்கின்றன. இனி 450 ரூபாய் என்பது 45000. `total` எங்கெல்லாம் வருகிறது என்று அவர் டிரங்க் முழுக்கத் தேடி, ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். கூப்பன் வரி மட்டும் அகப்படவில்லை. அது அங்கே இல்லையே.

மூன்றாவது வாரம் மெர்ஜ். இருவரும் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால்தான் கிட் தடுத்து நிறுத்திக் கேட்கும். இவர்கள் வெவ்வேறு கோப்புகளில் எழுதியவர்கள், அதனால் சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. கூப்பனுக்கான தானியங்கிச் சோதனையும் தேறுகிறது. அது 450-ஐக் கொடுத்து 400 வருகிறதா என்றுதான் பார்க்கிறது, வருகிறது. கடையில் நடப்பதோ 45000-இல் 50 கழிவது. 50 ரூபாய்த் தள்ளுபடி 50 பைசாவாகிவிட்டது. மென்பொருள் நின்றுபோகவில்லை, பிழைச் செய்தி எதுவும் இல்லை. கூப்பனை நம்பி வந்த வாடிக்கையாளர் கடைக்காரரிடம் சண்டை போட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

நீண்ட நாள் பிராஞ்சின் சிக்கல் என்றதும் மெர்ஜ் செய்யும் நாளில் வரும் மோதல்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற மோதல் அவ்வளவு ஆபத்தானதல்ல, உட்கார்ந்து தீர்த்துவிடலாம். உங்கள் வேலை சக ஊழியரின் தேடலுக்குச் சிக்காமல் போவதுதான் பெரிய சேதம். ‘தினமும் டிரங்க்கை என் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்கிறேனே’ என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதி மருந்து. அவர்கள் செய்வது உங்களுக்குத் தெரியும். நீங்கள் செய்வது அவர்களுக்குத் தெரியாது.

டிரங்க் முறையில், எடுத்த பிராஞ்ச் ஓரிரு நாளுக்குள் டிரங்க்குக்குத் திரும்பிவிட வேண்டும். அப்படியானால் முடியாத வேலையை என்ன செய்வது? துண்டு போடுவதுதான் வழி. பைசா மாற்றத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள், `total` இருக்கட்டும் என்று விட்டு, பக்கத்தில் `total_paise` என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். பிறகு பழையதைப் பயன்படுத்தும் இடங்களை ஒவ்வொன்றாகப் புதியதற்கு நகர்த்தலாம். யாருமே தொடாத நிலை வந்ததும் பழையதை அழித்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் மென்பொருள் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. யாராவது பழைய பெயரிலேயே எழுதிக்கொண்டு வந்தால், மென்பொருள் முதல் ஓட்டத்திலேயே அலறி நிற்கும். பொருள் மாறும்போது பெயரையும் மாற்றிவிட்டால், பிழை ஒளிந்துகொள்ள முடியாது.

கூப்பனுக்கு வேறு உத்தி. பாதி எழுதிய நிரல் டிரங்க்கில் இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருக்கும். இதற்கு ஃபீச்சர் ஃபிளாக் என்று பெயர்:

```
payable = total_paise
if flags.coupon:
    payable -= coupon_paise
```

முதலில் நான்கு பேரின் சோதனைக் கணக்குக்கு மட்டும் இயக்கிப் பார்க்கலாம்; அடுத்து ஒரே ஒரு கடைக்கு; அதன்பின் எல்லோருக்கும். கெட்டுப்போனால் அணைத்துவிடலாம், பழைய பதிப்பைத் தேடி ஓட வேண்டாம்.

ஆனால் இந்த ஃபிளாகுகளும் குப்பையாகச் சேரும். மூன்று ஃபிளாக் இருந்தால் எட்டு விதமாக மென்பொருள் ஓடலாம்; எட்டையும் யார் சோதிப்பது? பழையதைக் களையாததன் விலைக்கு அமெரிக்காவில் ஒரு பேர்போன உதாரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு வசதியின் ஃபிளாகைப் புது வசதிக்கு மறுபடி உபயோகித்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. ஃபிளாகை இயக்கியதும் அந்த ஒரு சர்வரில் செத்துக் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, கண்டபடி ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஃபிளாக் வைக்கும்போதே அதை அழிக்க வேண்டிய தேதியையும், அழிக்க வேண்டியவர் பெயரையும் வேலைப் பட்டியலில் எழுதிவிடுவது நல்லது.

சிறு குழுவை டிரங்க் முறை உண்மையில் திணறடிக்கும் இடம் வேறு: ரிவியூ. நீங்கள் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர இரண்டு நாள் எடுத்தால், உங்கள் பிராஞ்சுக்கும் இரண்டு நாள் கூடுதல் ஆயுள். நால்வரில் ஒருவர் லீவு, ஒருவர் வாடிக்கையாளரோடு போனில் என்றால் வேலை அப்படியே நிற்கும். வரும் துண்டு சிறிதாக இருந்தால் டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். மூவாயிரம் வரி வந்தால் யாரும் படிப்பதில்லை, ‘நல்லா இருக்கு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தானியங்கிச் சோதனையே இல்லாத குழுவுக்கு இந்த முறை ஆபத்தானது. டிரங்க் உடைந்தால் நால்வரின் வேலையும் நிற்கும். எல்லாவற்றுக்கும் சோதனை எழுத நேரமில்லை என்றால், பணம் போகும் பாதைக்காவது முதலில் எழுதியாக வேண்டும். அதுவும் பில் போடுவது முதல் பணம் கட்டுவது வரை முழுதாக ஓடிப் பார்க்கும் சோதனையாக இருக்க வேண்டும். தனித்தனிச் சோதனைகள் கூப்பன் விஷயத்தில் கைவிட்டதைப் பார்த்தோம்.

நீண்ட பிராஞ்சுக்கும் இடம் இல்லாமலில்லை. 2010-இல் வின்சென்ட் ட்ரீசன் வரைந்த கிட்ஃப்ளோ என்ற வரைபடம் உலகமெங்கும் பரவியது. இரண்டு நிரந்தரக் கிளைகள், வசதிக்கொரு கிளை, வெளியீட்டுக்கொரு கிளை, அவசரத் திருத்தத்துக்கு ஒன்று. சின்னக் குழுக்கள்கூட அதைச் சுவரில் ஒட்டாத குறையாகப் பின்பற்றின. 2020-இல் அவரே தன் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு சேர்த்தார்: அடிக்கடி வெளியிடும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறை போதும், வெளியே பல பதிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்று. நமது பில்லிங் குழு கடைக் கணினிகளில் நிறுவும் பதிப்புகளை விற்று, பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தால், பதிப்புக்கொரு கிளை வேண்டும்தான். தூக்கிப் போடப்போகும் சோதனை முயற்சியையும் தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒரு பிராஞ்ச் வாரக்கணக்கில் கிடந்தால், டிரங்க் அதைவிட்டு எவ்வளவு விலகிவிட்டது என்று பார்க்கலாம்:

```
git rev-list --count coupon..main
```

பிராஞ்சில் இல்லாமல் டிரங்க்கில் மட்டும் சேர்ந்திருக்கும் மாற்றங்களின் எண்ணிக்கை இது. எண் பெரிதாக இருந்தால் ஒரேயடியாக மெர்ஜ் செய்யக் கூடாது. வாடிக்கையாளர் கண்ணில் படாத பகுதிகளை, அதாவது கூப்பனுக்கான அட்டவணை, கூப்பன் செல்லுமா என்று பார்க்கும் நிரல் ஆகியவற்றை, முதலில் பிரித்தெடுத்து நாளுக்கொன்றாக டிரங்க்குக்கு அனுப்பலாம். பணத்தைக் கழிக்கும் அந்த ஒற்றை வரி கடைசியாக, ஃபிளாகுக்குப் பின்னால், தனியாக வரட்டும். அப்போது ரிவியூ செய்பவர் படிக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். ‘இந்த 50 ரூபாயா, பைசாவா?’ என்று அவர் கேட்க வாய்ப்புண்டு.