வனவோர நிழற்படத்தில் பெண்மயிலை அறியும் முறை

டில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள முனிர்காவை அடுத்து, ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பாறைமேடுகள் அமைந்துள்ளன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகமும், அதற்கு அண்மையிலுள்ள சஞ்சய் வனமும் இம்மேடுகளின் மீதே இருக்கின்றன. சீமைக் கருவேல் மண்டிய இப்புதர்க்காட்டின் ஓரத்தில், காலையிலும் மாலையிலும் மயில்கள் வெளிவந்து இரை தேடுவது வழக்கம். தோகை விரித்த ஆண்மயிலை இனம் காண்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், பழுப்பு நிறமுள்ள பெரிய பறவையொன்று புதரோரத்தில் நிற்கும் படத்தைக் கண்டு, அது காட்டுக்கோழியோ, ஃபெசன்ட் வகையைச் சேர்ந்ததோ என மயங்குவோர் உண்டு.

அத்தகைய படமொன்றை எடுத்துக்கொள்வோம். பறவை பாதி நிழலில் நிற்கிறது. அதற்கு அருகே, ஏறக்குறைய அதே தொலைவில், தவிட்டுக்குருவி ஒன்று தரையைக் கொத்துகிறது. முதற்கண் அறியவேண்டுவது உருவ அளவு. தவிட்டுக்குருவியின் நீளம் அலகு நுனி முதல் வால் நுனி வரை சுமார் 25 செ.மீ. படத்தில் அது 6 மி.மீ. ஆகவும், பெரிய பறவை 22 மி.மீ. ஆகவும் இருப்பதாகக் கொண்டால், பின்னதன் நீளம் ஏறக்குறைய 92 செ.மீ. எனக் கணக்காகும். பெண்மயிலின் நீளம் சுமார் 95 செ.மீ.; காட்டுக்கோழிப் பெட்டையோ 45 செ.மீ. அளவினது. எனவே இக்கணக்கு ஒன்றே காட்டுக்கோழியை விலக்கிவிடுகிறது. பறவை கழுத்தை வளைத்தோ, காமிராவை நோக்கித் திரும்பியோ நின்றால் நீளம் குறைந்தே தோன்றும் என்பதை நினைவிற்கொள்க. இரு பறவைகளும் ஒரே தொலைவில் இல்லையாயின் இம்முறை பயன்படாது.

இரண்டாவதாக நோக்கத்தக்கது முகம். பெண்மயிலின் முகம் வெண்மையானது. கண்ணின் ஊடே பழுப்புக் கோடு ஒன்று செல்லும். காட்டுக்கோழிப் பெட்டையின் முகத்தோல் சிவந்திருக்கும். இமயமலைச் சரிவுகளில் வாழும் காலிஜ் ஃபெசன்டின் பெட்டைக்கும் கண்ணைச் சுற்றிச் செந்தோல் உண்டு. வெண்முகமா, செம்முகமா என்ற இவ்வொரு வினாவே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, கொண்டை. மயிலின் கொண்டை, நுனியில் மட்டும் தூவியுள்ள மெல்லிய தண்டுகள் விசிறிபோல் நிற்பதாகும். காலிஜின் கொண்டை பின்னோக்கிச் சாய்ந்த இறகுக்கற்றை. காட்டுக்கோழிப் பெட்டைக்கு இறகுக் கொண்டை கிடையாது.

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. பெண்மயிலின் கழுத்தின் கீழ்ப்பகுதியில் காணும் பச்சைப் பளபளப்பு சாயத்தால் உண்டாவதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. ஆகவே நிழலிலோ, ஒளிக்கு எதிராகவோ எடுத்த படத்தில் அது கருமையாகவே காணப்படும். பச்சை தெரியவில்லை என்பதால் அது மயிலன்று எனத் துணிதல் தவறு.

மயில் என்று தெளிந்தபின்னும், பெண்ணா என்ற வினா எஞ்சும். மழைக்காலம் கழியும் தறுவாயில் ஆண்மயில் தன் தோகையை உதிர்த்துவிடுகிறது. அப்போது அதன் நீலக்கழுத்தே அடையாளம். இளம் ஆண் தோற்றத்தில் பெண்ணையே ஒத்திருக்கும்; ஆயின் அதன் சிறகின் பறத்தல் இறகுகள் செம்பழுப்பு நிறமுடையவை. பெண்ணுக்கு அவை மங்கிய பழுப்பு. சிறகு மடிந்திருக்கும் படத்தில் இவ்வேறுபாடு மறைந்துபோகக் கூடும். அவ்வாறாயின் "பெண் அல்லது இளமயில்" என எழுதுவதே முறை.

பறவை வாழும் எல்லையும் சான்றாகும். செங்காட்டுக்கோழி இமயமலையடிவாரத்திலும், கிழக்கு, மத்திய இந்தியக் காடுகளிலும் வாழ்வது. சாம்பல் காட்டுக்கோழி தீபகற்பத்துக்கு உரியது. டில்லியின் இம்மேட்டுக் காடு இவற்றுக்கு இயல்பான உறைவிடமன்று. ஆகவே முனிர்கா அருகே எடுத்த படத்தில் செம்முகமுள்ள சிறு பெட்டை காணப்பட்டால், முதலில் ஐயுறவேண்டியது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த நாட்டுக்கோழியையே. வீட்டுக்கோழி செங்காட்டுக்கோழியின் வழித்தோன்றல் ஆதலின், இரண்டும் ஒத்திருத்தல் வியப்பன்று. காட்டினத்துப் பெட்டைக்குத் தலைச்சூடு மிகச் சிறிது, அல்லது இல்லவே இல்லை. கால்கள் கருஞ்சாம்பல் நிறம். பெரிய சிவந்த சூடும் மஞ்சட்காலும் வீட்டினத்தைக் காட்டும். ஆயினும் இரண்டும் கலந்து இனம் பெருக்குவதால், படம் ஒன்றைக் கொண்டே தூய காட்டினம் எனச் சாற்றுதல் இயலாது.

இதனைப் புறக்கணித்து, அவ்விடத்தில் காட்டுக்கோழி கண்டதாகப் பதிவுசெய்தால், அப்பறவையின் பரவல் எல்லை ஏடுகளில் தவறாக விரிந்துவிடும். பின்வருவோர் அதனைத் திருத்துதல் எளிதன்று. எனவே அளவு, முகம், கொண்டை, இடம் என்னும் இவ்வரிசையில் சோதித்து, தெரிந்ததை மட்டும் பெயரிட்டு, எஞ்சியதை ஐயமாகவே குறித்துவைத்தல் வேண்டும்.