படத்தில் விழாத மூன்று மணி நிழல்

மொட்டை மாடியின் செயற்கைக்கோள் படம் இன்று யாருக்கும் கிடைக்கிறது. கூகுள் எர்த்தில் வீட்டைத் தேடிப் பிடித்து, அளவுகோல் கருவியால் நீளத்தையும் அகலத்தையும் அளந்தால், மாடியின் பரப்பு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை ஒரு சோலார் பேனலின் பரப்பால் வகுத்து, ‘இத்தனை பேனல் போடலாம்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படி வரும் எண் பெரும்பாலும் உண்மையைப் போல இரண்டு, மூன்று மடங்காக இருக்கும்.

மதுரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 40 அடி, தெற்கு வடக்காக 30 அடி. மொத்தம் 1200 சதுர அடி மாடி. இன்று பரவலாக விற்கும் 540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்டது. அதாவது 28 சதுர அடி. வகுத்தால் 42 பேனல்கள் வருகின்றன. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது நம் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 42 பேனலுக்குத் தினமும் 90 யூனிட் வர வேண்டும். இந்த 90 எங்கே போய் நிற்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை, படத்தின் அளவு சரிதானா என்று பார்ப்பது. படத்தில் அளந்த பக்கங்களில் ஒன்றையாவது டேப் பிடித்து நேரில் அளந்துவிட வேண்டும். நீளத்தில் ஐந்து சதவீதம் பிசகினால், பரப்பில் அது பத்து சதவீதப் பிசகாகிவிடும். செயற்கைக்கோள் பல நேரங்களில் சற்றுச் சாய்வாகவே பார்க்கிறது. வீட்டின் ஒரு பக்கச் சுவர் படத்தில் தெரிந்தால் அந்தச் சாய்வு இருக்கிறது என்று பொருள். அப்போது தரையில் சுவர் தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பை மட்டும் அளக்க வேண்டும். பக்கத்து உயரமான கட்டடத்திலிருந்து செல்போனில் எடுத்த படம் என்றால் சிக்கல் அதிகம். அருகில் இருக்கும் சுவர் நீண்டும் தூரத்தில் இருப்பது குறுகியும் விழுவதால், ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைக்க முடியாது. மாடியில் ஓரடிக்கு ஓரடி கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் தப்பித்தீர்கள். ஓடுகளை எண்ணினாலே போதும்.

நம் மாடியில் 40க்கு 30 என்பது வெளி அளவு. முக்கால் அடிக் கைப்பிடிச் சுவரை நான்கு பக்கமும் கழித்தால் உள்ளே 38½ அடிக்கு 28½ அடி கிடைக்கிறது. ஓரத்தில் காற்றின் தூக்கு விசை அதிகம். பேனலைத் துடைக்க ஆள் நிற்கவும் இடம் வேண்டும். அதற்காகச் சுற்றிலும் ஒன்றரை அடி விடுவோம். இதுவரை நடந்ததெல்லாம் வெறும் கழித்தல் கணக்கு. பெரிய இழப்பு வேறொன்றால் வருகிறது.

இந்த வீட்டின் தென்மேற்கு மூலையில், கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 8 அடி என்ற அளவில் படிக்கட்டு அறை இருக்கிறது. அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. தமிழ்நாட்டு வீடுகளில் இது வழக்கமான காட்சிதான்; கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்கள் தொட்டியை அங்கேதான் ஏற்றுவார்கள். பரப்பாகப் பார்த்தால் அந்த அறைக்குப் போவது 96 சதுர அடி மட்டுமே. ஆனால் அதன் நிழல் எவ்வளவு தூரம் போகும் என்பதை உயரம் தீர்மானிக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது.

ஆனாலும் உயரத்தைப் படத்திலிருந்தே எடுக்க ஒரு வழி உண்டு. கூகுள் எர்த் மென்பொருளில் பழைய தேதிப் படங்களையும் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரிப் படம் ஒன்றைத் திறந்தால் நிழல்கள் வடக்கு நோக்கி விழுந்திருக்கும். தெற்குக் கைப்பிடிச் சுவரின் உயரம் 3 அடி என்பது நமக்குத் தெரியும். அதன் நிழல் மாடித் தரையில் 2 அடி அகலப் பட்டையாக விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே படத்தில் தொட்டியோடு சேர்ந்த அறையின் நிழல் வடக்கே 8 அடி நீண்டிருந்தால், நான்கு மடங்கு நிழல், நான்கு மடங்கு உயரம். அதாவது 12 அடி. எந்த நாள், எத்தனை மணி என்பது தெரியாமலேயே இந்தக் கணக்கைப் போடலாம். இரண்டு நிழலும் ஒரே சமதளத் தரையில் விழுந்திருந்தால் போதும்.

உயரம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் தெரியும் நிழலை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி இடத்தில் பேனலை அடுக்கினால் ஏமாந்துபோவோம். இத்தகைய படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை முற்பகலில், பத்தரை மணியை ஒட்டித்தான் நம் தலைக்கு மேல் கடக்கின்றன. அப்போது சூரியன் கிழக்குப் பக்கம் இருப்பதால் நிழல் மேற்கே சாயும். தென்மேற்கு மூலை அறையின் நிழலில் ஒரு பகுதி வீட்டைத் தாண்டித் தெருவிலோ பக்கத்து மனையிலோ விழுந்துவிடும். படத்தில் மாடி வெயிலில் பளிச்சென்று கிடக்கும். அதே நிழல் பிற்பகலில் கிழக்கே திரும்பி மாடியின் நடுவில் படுத்துக்கொள்வதை அந்தப் படம் ஒருநாளும் காட்டாது.

எனவே பிற்பகல் நிழலை நாமே வரைந்துகொள்ள வேண்டும். மதுரை ஏறத்தாழ பத்து டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் மிகத் தெற்கே போயிருக்கும். அன்று உச்சிக்கு மூன்று மணி நேரம் கழித்து, ஓரடி உயரப் பொருளின் நிழல் கிழக்கே 1.14 அடியும் வடக்கே 0.88 அடியும் போகும். நம் 12 அடி அறைக்கு அது கிழக்கே ஏறக்குறைய 13½ அடி, வடக்கே 10½ அடி. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில் உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்துதான் வருகிறது. அந்த மாதங்களில் பிற்பகல் நிழல் தென்கிழக்கே திரும்பி, அறைக்கு நேர் கிழக்கே 11 அடி வரை போகும். இந்த எல்லா நிழலையும் ஒன்றாகப் போர்த்திப் பார்த்தால், மேற்குச் சுவரிலிருந்து இருபத்தைந்தரை அடியும் தெற்குச் சுவரிலிருந்து பதினெட்டரை அடியும் கொண்ட ஒரு செவ்வகத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது. 96 சதுர அடி அறை தன்னையும் சேர்த்து 470 சதுர அடிக்கு மேல் விழுங்கிவிட்டது.

நிழல் கொஞ்சம்தானே விழுகிறது, அந்தப் பேனல் மட்டும் குறைவாகத் தரட்டுமே என்று தோன்றலாம். சாதாரண இன்வெர்ட்டரில் பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்திருப்பார்கள். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவதுபோல, ஒரு பேனலின் நிழல் வரிசை முழுவதையும் இழுக்கப் பார்க்கும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக் கடந்துபோகும் பைபாஸ் டயோடுகள் பேனலுக்குள் இருப்பதால் மற்றவை தப்பிக்கும்; ஆனால் அந்தப் பகுதியின் மின்சாரம் அந்த நேரத்தில் அறவே போய்விடும். தொட்டியின் ஒரு மெல்லிய குழாய் நிழலும் இதைச் செய்யும்.

இப்போது மாடியில் மிஞ்சியிருப்பது தலைகீழான ட வடிவ இடம்: வடக்கே நீண்ட ஒரு பட்டை, கிழக்கே ஒரு பட்டை. பேனல்களைத் தெற்குப் பார்த்து பத்து டிகிரி சாய்வில், கைப்பிடிச் சுவரின் நிழல் படாதபடி மூன்றடி உயர ஸ்ட்ரக்சரில் நிறுத்துவோம். வடக்குப் பட்டையில் ஒரு வரிசை. ஓரங்களை விட்டால் 9 பேனல்கள். கிழக்குப் பட்டையில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை, 6 பேனல்கள். சாய்த்து வைத்த பேனலின் பின் விளிம்பு முன் விளிம்பைவிட 1.3 அடி உயரம். அதன் நிழல் டிசம்பரில் 1.15 அடி வடக்கே போகும் என்பதால் வரிசைகளுக்கிடையே ஒன்றரை அடி விட்டிருக்கிறோம். ஆக மொத்தம் 15 பேனல்கள், 8.1 கிலோவாட்.

இனி மின்சாரம். மதுரை வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் வெயில், ஆண்டுச் சராசரியில் ஐந்தரை யூனிட்டுக்குச் சமம். பேனலில் எழுதியிருக்கும் 540 வாட் என்பது அதன் செல்கள் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது கிடைப்பது. நம் மாடியில் மதியத்தில் பேனல் 60 டிகிரிக்குச் சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் வீதம், அந்த நேரத்தில் 12 சதவீதம் சூட்டிலேயே போய்விடும். தூசி, வயர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் நாலில் ஒரு பங்கு கழிகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நாலு யூனிட் என்ற கணக்கு பிறந்தது இப்படித்தான். நம் 8.1 கிலோவாட்டுக்கு அது நாளொன்றுக்கு 32 யூனிட். தொடக்கத்தில் பார்த்த 90 இங்கே வந்து நிற்கிறது.

இந்த 32ம் ஆண்டுச் சராசரிதான். மார்ச்சில் 40ஐ நெருங்கலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மாதச் சராசரியே 25ஐ ஒட்டி இறங்கும். வானம் மூடிக் கிடக்கும் ஒரு நாளில் அதில் பாதிகூட வராது. விற்பனையாளர் கொடுக்கும் மதிப்பீட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் ஆண்டு முழுவதற்கும் போட்டிருந்தால், எந்தக் கழிவை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் மாடி எழும்பியிருந்தாலோ தென்னை வளர்ந்திருந்தாலோ, நம் மாடிக்குள் மட்டும் வரைந்த இந்தக் கணக்கு செல்லாது.

15 பேனலும் எல்லோருக்கும் தேவைப்படாது. மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கான மானியம் 3 கிலோவாட்டில் 78,000 ரூபாயோடு நின்றுவிடுவதால், பலர் அந்த அளவையே போடுகிறார்கள். அதற்கு ஆறு பேனல் போதும். தினமும் 12 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அந்த ஆறை எங்கே வைப்பது என்பதிலும் நிழல் கணக்கு உதவுகிறது. படிக்கட்டு அறையிலிருந்து தள்ளி இருக்கிறது என்று பார்த்தவுடன் கிழக்குப் பட்டையைத்தான் கை காட்டத் தோன்றும். ஆனால் மூன்று மணிக்குப் பிறகு நீளும் நிழல் அந்தப் பக்கம்தான் வருகிறது. வடக்கு வரிசையின் மேற்குக் கோடியில் வைக்கும் ஆறில் பெரும்பாலானவற்றுக்கு டிசம்பரிலும் நாலு மணி வரை வெயில் கிடைக்கும்.