போர்ட்டரின் பேஜருக்கு வரிசை கிடையாது

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் உள் தொலைபேசியில் 2222 அழுத்தினால் ஸ்விட்ச்போர்டில் உடனே எடுப்பார்கள். "பிரசவ வார்டு, கடும் ரத்தப்போக்கு" என்று சொன்னால் போதும். மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர் என்று வர வேண்டிய எல்லாருடைய பேஜரும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். பல மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலில் ஒரு போர்ட்டரும் உண்டு.

அவர் இல்லாவிட்டால் மருத்துவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தாயின் ரத்த மாதிரி ரத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபிறகே அவருடைய பிரிவு ரத்தத்தைத் தயார் செய்யத் தொடங்குவார்கள். அதற்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். மாதிரியைக் கொண்டுபோவதும், பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் மூன்றையும் சரிபார்த்து ரத்தப் பையை வாங்கி வருவதும் போர்ட்டரின் வேலை. 2010-ல் பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவசரத்தில் ரத்தம் தாமதமானதால் நான்கு ஆண்டுகளில் 11 பேர் இறந்ததாகவும், 83 நிகழ்வுகளில் நோயாளிகள் பாதிக்கப்பட்டதாகவும் தங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது என்றது அது.

ஆகவே இத்தகைய அழைப்பை மற்ற வேலைகளோடு வரிசையில் வைத்து முதலிடம் கொடுப்பது போதாது. வரிசைக்கே வராமல், பெயர் குறித்து வைத்த ஒரு போர்ட்டரிடம் நேராகப் போக வேண்டும். அந்த ஷிஃப்டில் அவருக்குத் தூரமான வேலை எதையும் கொடுக்கக் கூடாது.

மற்ற வேலைகள் இப்போது பெரும்பாலும் கைபேசிச் செயலியில் வருகின்றன. எங்கிருந்து எங்கே, வீல்சேரா ட்ராலியா, ஆக்ஸிஜன் வேண்டுமா, தொற்று உண்டா, நர்ஸ் கூட வருவாரா என்று நர்ஸ் பதிவு செய்கிறார். செயலி அவற்றை வரிசைப்படுத்துகிறது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். 'அவசரம்' என்று குறித்தால் ஆள் சீக்கிரம் வருவார் என்பது வார்டுகளுக்குத் தெரிந்துவிட்டால், சில மாதங்களில் பாதி வேலைகள் அவசரமாகிவிடும். நர்ஸ்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் நோயாளிக்காகத்தான் அழுத்துகிறார்கள். 'அவசரமா?' என்று கேட்பதற்குப் பதில் 'எதற்காக?' என்று கேட்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கெடு வைப்பதே சரியான வழி.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மூன்று போர்ட்டர்கள். 1:40-க்கு அவசரப் பிரிவிலிருந்து ஒருவரை வார்டுக்கு மாற்றச் சொல்லி ஒரு பதிவு. கெடு ஒரு மணி நேரம். 2:05-க்குப் பக்கவாதச் சந்தேகத்தில் ஒருவருக்கு சி.டி. ஸ்கேன், கெடு ஐந்து நிமிடம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், பின்னால் வந்தாலும் இது முந்துகிறது. 2:06-க்கு 2222. குறித்து வைத்த போர்ட்டர் ரத்த வங்கிக்கு ஓடுகிறார். மூன்றாமவர் நடைவழியில் ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறார். செயலிக்கு அவர்தான் பக்கத்தில் இருப்பவராகத் தெரிவார். ஆனால் நோயாளியை நடுவழியில் விட்டுவிட்டு அவர் வர முடியாது. ஆக, கையில் இருப்பது ஒரே ஓர் ஆள், அவர் ஸ்கேனுக்குப் போகிறார்.

2:30-க்கு இன்னொரு ஸ்கேன், கெடு அரை மணி நேரம். ஸ்கேன் எப்போதும் வார்டு மாற்றத்துக்கு மேல் என்று செயலியில் எழுதி வைத்திருந்தால் 1:40-க்குப் பதிவானவர் மறுபடி பின்னுக்குப் போவார்; விடியும்வரை ஒவ்வொரு ஸ்கேனும் அவரைத் தாண்டிப் போகலாம். கெடுவைப் பார்த்தால் அவருடையது 2:40, ஸ்கேனுடையது 3:00. முதலில் அவர்தான்.

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்கச் செயலியின் நேரப்பதிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவுக்கும் போர்ட்டர் வந்து சேர்வதற்கும் இடையே நேரம் போனால் ஆள் போதவில்லை. வந்ததற்கும் கிளம்பியதற்கும் இடையே போனால் நோயாளி தயாராக இல்லை: கேஸ் ஷீட் வரவில்லை, கூடப் போகும் நர்ஸ் இல்லை. மொத்த நேரத்தை மட்டும் பார்க்கும் நிர்வாகம் இரண்டுக்கும் போர்ட்டரையே திட்டுகிறது. அது அநியாயம்.

2019-ல் பிரிட்டிஷ் அரசு 2021 இறுதிக்குள் பேஜர்களைக் கைவிடச் சொன்னது. அவசரகாலப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. வைஃபை எட்டாத அடித்தளத்திலும் லிஃப்ட் பக்கத்திலும் செயலி மௌனமாகிவிடலாம். பேஜருக்குத் தனி ரேடியோ அலை. ஆனால் சாதாரண பேஜர் செய்தியை வாங்கும், பதில் சொல்லாது. அது போர்ட்டரிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஸ்விட்ச்போர்டுக்குத் தெரியாது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் தினமும் ஒரு சோதனை அழைப்பு விடுகிறார்கள். அதற்குப் பதில் வராவிட்டால் பேட்டரி தீர்ந்ததா, பேஜரை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்களா என்று அப்போதே தேடத் தொடங்குகிறார்கள்.