வேங்கட மலை ஏன் பாலையாயிற்று?

அம்மையார்குப்பத்தில் ஒரு பள்ளியின் இலக்கிய மன்றத்தில் ஐந்திணை பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்குச் சொன்னவற்றின் சுருக்கத்தை இங்கு எழுதுகின்றேன்.

"குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல், நெய்தல் என்றால் கடல், பாலை என்றால் வறண்ட நிலம்" என்று மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பித்தனர். நான் ஒரு வினா எழுப்பினேன். "நம் ஊருக்கு வடக்கே வேங்கட மலை உள்ளது. அகநானூற்றில் மாமூலனார் அம்மலையைப் பல பாடல்களில் பாடியுள்ளார். அவை எந்தத் திணை?" எல்லோரும் ஒரே குரலில் "குறிஞ்சி!" என்றனர். இல்லை, அவை பாலைத் திணைப் பாடல்கள். மலை எப்படிப் பாலையாகும்? இதனை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை மூன்றாகப் பகுக்கின்றார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்தில் நிகழ்வது உரிப்பொருள். கூடுதல் குறிஞ்சிக்கும், காத்திருத்தல் முல்லைக்கும், ஊடல் மருதத்திற்கும், இரங்கல் நெய்தலுக்கும், பிரிவு பாலைக்கும் உரியவை. இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்பது அவர் கருத்து. ஆகவே உரிப்பொருளே தலைமையானது. மற்றவை ஒரு திணையிலிருந்து இன்னொரு திணைக்குள் வந்து கலக்கலாம் என்றும் அவரே இடம் தருகின்றார்.

இப்போது வேங்கடத்துக்கு வருவோம். அன்று அது தமிழகத்தின் வட எல்லை. அதற்கு அப்பால் வேற்று மொழி வழங்கும் நாடு. மாமூலனார் பாட்டில் வரும் தலைவன் பொருள் தேடி அம்மலையைக் கடந்து போகின்றவன். தலைவி வீட்டில் இருந்து அவ்வழியின் கொடுமையை எண்ணுகின்றாள். மலை அங்கே காதலர் கூடும் இடமன்று; இருவரையும் பிரித்து நிற்கும் தடை. உரிப்பொருள் பிரிவாதலால் திணை பாலையாயிற்று. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. அகநானூற்றைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களையும் பாலையாகவே அமைத்துள்ளனர். எண்ணைப் பார்த்தே அதில் திணையைச் சொல்லிவிடலாம்.

இதற்கு மாறான ஒரு சான்றையும் காட்டினேன். குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலர் பாடியது. தன்னைக் களவில் மணந்தவன் இன்னும் திருமணம் பேச வரவில்லை. அன்று அவனையன்றி அங்கு யாரும் இல்லை. அவன் மறுத்துவிட்டால் நான் என் செய்வேன் என்று தலைவி தோழியிடம் கலங்குகின்றாள். பிறகு, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கின்றாள். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற குருகு! நீரும் மீனும் குருகும் வருவதால் மருதமோ நெய்தலோ என்று தோன்றும். ஆனால் இப்பாட்டு குறிஞ்சி. களவில் கூடிய கூட்டமே அவள் பேச்சுக்கு அடிப்படை. குருகின் காலுக்குத் தினைத்தாளை உவமை கூறியிருப்பதையும் கவனியுங்கள். தினை மலைநிலப் பயிர். அந்தச் சிறு உவமையால் கபிலர் நம்மை மலைப்பக்கம் நிறுத்திவிடுகின்றார்.

குருகு வெறும் அழகுக்காக வந்ததன்று. இருந்த ஒரே சாட்சி வாய் பேசாதது. அதன் கண்ணோ மீன்மேல் இருந்தது. தலைவியின் துணையற்ற நிலையை அவள் விரித்துச் சொல்லாமலே அப்பறவை சொல்லிவிடுகின்றது. இதையே உள்ளுறை, இறைச்சி என்று இலக்கணம் பேசும். நிலத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் பாட்டுக்குள் வேலை செய்கின்றது.

ஆகவே ஒரு பாட்டின் திணையை அறிய முதலில் மரத்தையும் பறவையையும் எண்ணாதீர்கள். பேசுகின்றவர் யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகின்றார் என்று பாருங்கள். பிறகு நிலமும் பொழுதும் அதற்குத் துணை நிற்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பாட்டின் அடியில் உள்ள திணைக் குறிப்பு தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தது. ஆதலால் சில பாட்டுகளில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

இறுதியில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் ஊர் தறி ஊர். நெய்த சேலைகளை விற்க அப்பா ஆந்திரப் பக்கம் போவார். அம்மா காத்திருப்பார். இது எந்தத் திணை?" என்று கேட்டாள். "அப்பா சொன்ன நாளில் வருவார் என்று அம்மா ஆறியிருந்தால் அது முல்லை. அவர் போகும் வழியை நினைத்து வாடினால் அது பாலை. நாள் கடந்தும் வரவில்லையே என்று வாய்விட்டுப் புலம்பினால் நெய்தல்" என்றேன். அவள் சற்று யோசித்து, "அப்படியானால் அம்மா திங்கட்கிழமை முல்லை, வியாழக்கிழமை பாலை" என்றாள். மன்றமே சிரித்தது. திணையை அவள் சரியாகவே புரிந்துகொண்டாள்.