வகுக்கும்போது தொலைந்துபோகும் விடைகள்

பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடம் தொடங்கிய சில நாட்களிலேயே கரும்பலகையில் ஏறிவிடும் கணக்கு dy/dx = y. ஓர் அளவு எவ்வளவு இருக்கிறதோ அதே வேகத்தில் அது வளர்கிறது என்பது இதன் பொருள். y உள்ளதையெல்லாம் ஒரு பக்கமும் x உள்ளதையெல்லாம் மறுபக்கமும் ஒதுக்கினால் dy/y = dx. தொகையிட்டால் log y = x + C. அடுத்த வரி y = e^(x+C). அதற்கடுத்த வரியில் e^C என்பதற்கு A என்று பெயர் மாற்றி, y = Ae^x என்று முடித்துவிடலாம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையும் இதுதான். மதிப்பெண் முழுசாகக் கிடைத்துவிடும்.

விடை சரிதான். அது வந்த வழியில்தான் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் வேலையாக y-ஆல் வகுத்தோம். y பூச்சியமாக இருந்தால் வகுக்க முடியாது. ஆனால் எப்போதும் y = 0 என்று இருப்பதும் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு விடைதான்: மாறும் வேகமும் பூச்சியம், அளவும் பூச்சியம், இரண்டும் பொருந்துகின்றன. வகுத்த கணத்தில் அந்த விடையை வெளியே தள்ளிவிட்டோம். இரண்டாவது ஓட்டை தொகையீட்டில். 1/y-இன் தொகையீடு log y அல்ல, log|y|. மட்டு மதிப்புக் குறி விடுபட்டால், y மிகை எண் என்று நாமே முடிவுகட்டியதாகிறது. e^C ஒருபோதும் குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ ஆகாது. எனவே y = e^C·e^x என்ற வரியில் x அச்சுக்கு மேலே ஓடும் வளைகோடுகள் மட்டுமே அடங்கும். y = −3e^x-உம் சரியான விடைதான்; அது அந்த வரியில் இல்லை.

பிறகு எப்படிக் கடைசி விடை சரியாக வருகிறது? “A ஏதேனும் ஒரு மாறிலி” என்று எழுதும் இடத்தில்தான். வழியில் விட்டுவந்த குறை எண்களும் பூச்சியமும் அந்த ஓர் எழுத்துக்குள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுகின்றன. இந்தக் கணக்கில் பிழை தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால், அது பிழை என்றே பலருக்குத் தெரிவதில்லை. பழக்கம் ஊறிய பிறகு, சரிசெய்துகொள்ளாத கணக்கு ஒன்று வரும்.

மட்டு மதிப்புக் குறி ஏதோ சம்பிரதாயத்துக்காகப் போடுவதல்ல. அந்த இடத்தில் பெரிய கணித மேதைகளே முட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாறிகளைப் பிரிக்கும் உத்தியை லைப்னிட்ஸ் 1691-இல் ஹைகன்சுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். அதே லைப்னிட்சுக்கும் யோஹான் பெர்னூலிக்கும் இடையே 1712, 1713 ஆண்டுகளில் கடிதங்களிலேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. குறை எண்ணுக்கு மடக்கை உண்டா என்பதே கேள்வி. −x-இன் சிறு மாற்றத்தை −x-ஆல் வகுத்தாலும், x-இன் சிறு மாற்றத்தை x-ஆல் வகுத்தாலும் ஒரே விடைதான் வருகிறது. ஆகவே log(−x)-உம் log x-உம் ஒன்றே என்றார் பெர்னூலி. குறை எண்ணுக்கு மெய்யான மடக்கை இருக்கவே முடியாது என்று மறுத்தார் லைப்னிட்ஸ்.

சிக்கலை அவிழ்த்தவர் ஆய்லர். பெர்லின் அகாடமி தொகுதியில் 1751-இல் அச்சான அவருடைய கட்டுரை, பெர்னூலியின் வாதத்தில் இருந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. இரண்டு சார்புகளின் வகைக்கெழுக்கள் சமமாக இருந்தால் அந்தச் சார்புகள் சமம் என்று ஆகிவிடாது. அவை ஒரு மாறிலியால் வேறுபடலாம் என்பதே அதிலிருந்து கிடைக்கும். இங்கே அந்த மாறிலி log(−1). அது ஒரு கலப்பெண். மெய்யெண்களோடு மட்டும் புழங்கும் நமக்கு log|x| போதும். ஆனால் ஆய்லர் சொன்ன எச்சரிக்கை நமக்கும் உண்டு: பூச்சியத்துக்கு வலப்பக்கத்தில் ஒரு C, இடப்பக்கத்தில் வேறொரு C இருக்கலாம். நடுவே x = 0-இல் வளைகோடு அறுந்து கிடப்பதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி, பிழை வெளியே தெரியும் ஒரு கணக்கைப் பார்க்கலாம். மக்கள்தொகை வரம்பின்றிப் பெருகாது, ஓர் அளவை நெருங்கும்போது அதன் வேகம் குறையும் என்று பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் ஒரு சமன்பாடு எழுதினார். அதை ஒரு மீன் குளத்துக்குப் பொருத்துவோம். குளம் தாங்கக்கூடியது 500 மீன்கள். P என்பது மீன்களின் எண்ணிக்கை, t என்பது ஆண்டு.

dP/dt = P(1 − P/500)

இப்போது குளத்தில் யாரோ 1000 மீன்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மாறிகளைப் பிரித்து, பகுதிப் பின்னங்களாக்கித் தொகையிட்டால் log|P| − log|500 − P| = t + C. மட்டு மதிப்புக் குறியை விட்டவருக்கு முதல் அடியிலேயே கை கட்டப்பட்டுவிடும். t = 0, P = 1000 என்று இட்டால் log(−500) வந்து நிற்கிறது. பதற்றத்தில் குறைக் குறியை மட்டும் அழித்துவிட்டு மேலே போகிறவர்கள் P/(500 − P) = 2e^t என்று எழுதி, P = 1000e^t/(1 + 2e^t) என்ற விடைக்கு வந்து சேருவார்கள். பார்க்க முறையாகத்தான் இருக்கும். அதில் t = 0 என்று போட்டுப் பாருங்கள்: 1000/3, அதாவது 333 மீன். ஆயிரத்தில் தொடங்கிய கணக்கு 333-இல் தொடங்குவதாகச் சொல்கிறது. தொடக்க மதிப்பைக் கடைசி விடையில் திரும்ப இட்டுப் பார்க்கும் ஒரு வரி வேலை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டு மதிப்புக் குறியோடு வந்தவருக்குச் சிக்கலே இல்லை. P இங்கே 500-க்கு மேலே இருப்பதால் |500 − P| என்பது P − 500. ஆக P/(P − 500) = 2e^t. இதிலிருந்து P = 500/(1 − 0.5e^(−t)). தொடக்கத்தில் 1000, ஓராண்டில் சுமார் 613, ஈராண்டில் சுமார் 536. குளம் நெரிசலிலிருந்து மெல்ல மெல்லத் தன் அளவுக்கு இறங்குகிறது.

இந்த இடத்தில் கூர்ந்து படிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இப்போது P 500-க்கு மேலே இருக்கிறது, சரி. நாளை அது 500-ஐத் தாண்டிக் கீழே போனால் குறி மாறிவிடுமே? மட்டு மதிப்பை ஒரே தடவையில் நீக்கியது எப்படிச் சரியாகும்?

தாண்டாது. அதற்குக் காரணம் 1/x-இன் தொகையீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 500-ஐ நெருங்கிய பிறகு, மீதமிருக்கும் இடைவெளி பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ log 2, அதாவது 0.69 ஆண்டு ஆகிறது. 16 மீன் இடைவெளி 8 ஆவதற்கு அவ்வளவு காலம். 8 என்பது 4 ஆவதற்கும் அதே காலம். 4 என்பது 2 ஆவதற்கும் அதேதான். எத்தனை முறை பாதியாக்கினாலும் இடைவெளி தீராது, காலம் மட்டும் கூடிக்கொண்டே போகும். பூச்சியத்தை நெருங்கும்போது மடக்கை எல்லையில்லாமல் சரிகிறதல்லவா, அதுதான் இது. P = 500 என்ற கோடு ஒரு சுவர்போல நிற்கிறது. மேலே தொடங்கியது மேலேயே இருக்கும், கீழே தொடங்கியது கீழேயே இருக்கும். அதனால்தான் குறியைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை முடிவுசெய்தால் போதுமானதாகிறது.

அந்தச் சுவர் எது என்று பார்த்தால், நாம் வகுத்தபோது தொலைத்த அதே விடைதான்! P = 500 என்று மாறாமல் இருப்பது ஒரு விடை; P = 0 என்று மீனே இல்லாமல் இருப்பது இன்னொரு விடை. P(1 − P/500)-ஆல் வகுத்த கணத்தில் இரண்டும் போய்விட்டன. தொலைந்த விடையும் மட்டு மதிப்புக் குறியும் வெவ்வேறு பாடங்கள் அல்ல. ஒன்று சுவர், மற்றது, சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற குறிப்பு.

இந்தக் கணக்கில் மாறிலி வந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொடுக்காது. பொதுத் தீர்வை P = 500/(1 + Be^(−t)) என்று எழுதினால், B = 0 என்று இட்டு P = 500-ஐப் பெறலாம்; P = 0-ஐ எந்த B-ஆலும் பெற முடியாது. அதையே P = 500Ae^t/(1 + Ae^t) என்று எழுதினால் P = 0 கிடைத்துவிடும், P = 500 கைநழுவும். எப்படி எழுதினாலும் ஒரு விடை வெளியேதான் நிற்கிறது. அதைத் தனியாகச் சேர்த்து எழுதியாக வேண்டும். மீன் இல்லாத குளத்தில் மீன் தானாக வராது என்ற எளிய உண்மையையே பொதுத் தீர்வின் ஒரு வடிவம் தவறவிடுகிறது.

சுவரைத் தொடவே முடியாது என்பது எல்லாச் சமன்பாட்டுக்கும் பொருந்துவதும் அல்ல. அடியில் துளையுள்ள தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வேகம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இது டாரிசெல்லியின் விதி. 100 சென்டிமீட்டர் நீர் உள்ள ஒரு தொட்டிக்கு, dh/dt = −√h என்று எடுத்துக்கொள்வோம்; காலம் நிமிடத்தில். √h-ஆல் வகுத்துத் தொகையிட்டால் h = (10 − t/2)². மட்டம் 100-இலிருந்து 25-க்கு இறங்க 10 நிமிடம், 25-இலிருந்து 6.25-க்கு இறங்க 5 நிமிடம், அடுத்ததற்கு இரண்டரை நிமிடம். இங்கே காலம் கூடிக்கொண்டே போகவில்லை, சுருங்குகிறது. சரியாக 20-ஆம் நிமிடத்தில் தொட்டி காலி.

அதே சூத்திரத்தில் 30-ஆம் நிமிடத்தை இட்டால் 25 சென்டிமீட்டர் என்கிறது. 40-இல் மறுபடியும் 100. காலியான தொட்டி தானாக நிரம்புகிறது! வகுத்தபோது தொலைத்த h = 0 என்ற விடை வந்து நிற்க வேண்டிய இடம் இது. 20 நிமிடம் வரை சூத்திரம், அதன் பிறகு h = 0 என்று இரண்டையும் ஒட்டினால்தான் உண்மையான விடை. சூத்திரத்தை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்: 20-க்குப் பிறகு அதன் dh/dt மிகை எண், வலப்பக்கமோ ஒருபோதும் மிகை எண்ணாகாத −√h.

இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மீன் குளக் கணக்கைக் கொடுக்கும்போது, தொடக்க மதிப்பை எப்போதும் 500-க்குக் கீழேயே வைக்காதீர்கள். ஒருமுறை 1000 கொடுங்கள், ஒருமுறை 500 கொடுங்கள், ஒருமுறை 0 கொடுங்கள். வகுப்பதற்கு முன், எந்த மதிப்பில் இந்த வகுத்தல் செல்லாது என்று விடைத்தாளின் முதல் வரியில் எழுதச் சொல்லி, அந்த வரிக்கும் மதிப்பெண் போடுங்கள்.